நாலு பேருக்கு ஒரே எண்

ராஜினாமாக் கடிதம் கொடுத்த அன்றுகூட அவளுக்கு இப்படி வியர்க்கவில்லை. "வெளியேறும் முன் உங்கள் அனுபவத்தை மனந்திறந்து எழுதுங்கள்" என்று எச்.ஆரிலிருந்து மெயில் வந்திருந்தது. மனந்திறப்பதா? திறந்துவிட்டால் மூட முடியாதே! மருந்துக் கிடங்கின் குளிர் அறைகளுக்கு மேற்பார்வையாளராக இருந்து பட்ட பாட்டையெல்லாம் கொட்டித் தீர்த்துவிட்டு, கணவனிடம் லேப்டாப்பைத் திருப்பினாள்.

படித்து முடித்தவன் தாடையைச் சொறிந்தான். "இது ஃபீட்பேக் இல்லம்மா, சாபம்."

"பொய்யா ஒரு வரி இருக்கா சொல்லுங்க?"

"இல்ல. அந்த ஃபோன் அடிக்கும்போதெல்லாம் நானும்தானே முழிச்சுக்கறேன். ஆனா கோபத்த எடுத்துட்டா என்ன மிஞ்சுதோ, அத மட்டும் எழுது."

அந்த ஃபோன் அவளுடையதுதான். குளிர் அறையில் வெப்பம் ஏறினால் எச்சரிக்கை அழைப்பு வரும். அந்தக் கருவியைப் பொருத்திய நாளில் சோதனைக்காக யாரோ அவள் எண்ணைப் போட்டார்கள். பிறகு சுவரில் நாலு பேரின் முறைப்பட்டியலை ஒட்டினார்கள்; எண்ணை மாற்ற மட்டும் மறந்துவிட்டார்கள். யார் முறையானாலும் அடிப்பது அவள் தலைமாட்டில். எண்ணை மாற்ற மேலாளர் கையெழுத்து வேண்டும். அவரோ எதைக் கேட்டாலும் "நாளைக்குப் பாத்துக்கலாம்" என்பார். அதனால் கிடங்கில் அவருக்குப் பெயரே நாளைக்கு சார். கல்யாண வீட்டுப் பந்தியிலிருந்தும், காய்ச்சலில் படுக்கையிலிருந்தும் அவள் எழுந்து ஓடியிருக்கிறாள். எடுக்காமல் விடலாமே என்றால், உள்ளே இருப்பது குழந்தைகளுக்குப் போடும் தடுப்பூசி.

சாபத்தை அழித்தாள். மிஞ்சியது சின்ன மெயில். குழுவில் கற்றுக்கொண்டதற்கு நன்றி சொன்னாள். பிறகு எழுதினாள்: "முறைப்பட்டியலில் நால்வர் உள்ளனர். எச்சரிக்கை அமைப்பில் பதிவாகியிருப்பது என் தனிப்பட்ட எண் மட்டுமே. நான் எடுக்க முடியாமல் போனால் அழைப்பு வேறு யாருக்கும் செல்லாது. முறையில் இருப்பவர் கைக்கு மாறும் பொது ஃபோன் ஒன்றையும், அவர் எடுக்காவிட்டால் செல்ல இரண்டாவது எண்ணையும் பரிந்துரைக்கிறேன். மாதம் ஒரு சோதனை அழைப்பும் உதவும்." யார் பெயரும் இல்லை. அனுப்பிவிட்டு அன்று நிம்மதியாகச் சாப்பிட்டாள்.

நிம்மதி கடைசி வேலைநாள் வரைதான் நீடித்தது. எச்.ஆர் அம்மா கூப்பிட்ட அறையில் நாளைக்கு சாரும் உட்கார்ந்திருந்தார்.

"ரொம்பத் தெளிவா எழுதியிருக்கீங்க," என்றாள் எச்.ஆர் அம்மா. "யாரையும் குத்தம் சொல்லல. இத வச்சு எங்களால ஏதாவது செய்ய முடியும்."

"அதான் நானும் சொல்றேன்," என்று சார் முந்திக்கொண்டார். "இவங்க இல்லேன்னா என்ன ஆகும்னு இவங்களே எழுதிட்டாங்க. நோட்டீஸ இன்னும் ஒரு மாசம் நீட்டிச்சுக்கட்டும். முடியலேன்னா, புது வேலைல இருந்தே ஃபோன மட்டும் எடுக்கட்டுமே. நம்பர நாளைக்கு மாத்திக்கலாம்."

கதவைத் திறக்கச் சாவி செய்து கொடுத்தால், அதைக் கொண்டே வெளியிலிருந்து பூட்டுகிறாரே இந்த மனுஷன்! புது இடத்திலும் இந்த ஃபோன்தானா? வேலையிலிருந்து விடுவிக்கும் ரிலீவிங் கடிதம் எச்.ஆர் அம்மாவின் முழங்கைக்கு அடியில் இருந்தது. தலையாட்டிவிட்டால் கையில் கிடைத்துவிடும். ஆட்டி ஆட்டித்தானே இங்கே வந்து நின்றாள்?

அப்போது ஃபோன் அடித்தது. இரண்டாம் குளிர் அறை.

பழக்கதோஷத்தில் பாதி எழுந்துவிட்டாள். அப்படியே நின்று, அடிக்கும் ஃபோனைச் சாரிடம் நீட்டினாள். "இன்னிக்கு உங்க முறை சார். பட்டியல்ல இருக்கு."

அவர் அதைச் சுடுகிற பாத்திரம் மாதிரி வாங்கினார். "எடுத்து என்ன பண்ணணும்?"

"ஒண்ணாம் நம்பர அழுத்துங்க, சத்தம் நிக்கும். கீழ போய்க் கதவு சரியா மூடியிருக்கான்னு பாருங்க. மூடியிருந்தும் சூடு இறங்கலேன்னா சரக்க மூணாவது அறைக்கு மாத்தச் சொல்லுங்க. நானும் வரேன், ஆனா பண்றது நீங்கதான்."

எச்.ஆர் அம்மாவும் பின்னாலேயே வந்தாள். கதவுதான் சரியாக மூடாமல் இருந்தது. சார் தோள் கொடுத்துத் தள்ளி மூடினார். வெப்பமானியில் எண் இறங்குவதை மூவரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு சார் யாரும் கேட்காமலே எண் மாற்றும் படிவத்தை வரவழைத்துக் கையெழுத்துப் போட்டார். எச்.ஆர் அம்மா அங்கேயே நின்று எச்சரிக்கை நிறுவனத்துக்குப் பேசினாள். சோதனை அழைப்பு இந்த முறை சாரின் சொந்த ஃபோனில், சட்டைப்பைக்குள் அடித்தது.

கடிதத்தைக் கொடுக்கும்போது எச்.ஆர் அம்மா பேனாவை எடுத்தாள். "எல்லார்கிட்டயும் கேக்கற கேள்வி ஒண்ணு பாக்கி. வாய்ப்புக் கிடைச்சா இங்க திரும்ப வருவீங்களா?"

அவளுக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது.

"முதல்ல போய்ப் பாத்துட்டு வரேன் மேடம். இத்தன வருஷத்துல இன்னிக்குத்தான் இங்கேருந்து நிஜமாவே போறேன்."