காலை நம்பர்

கல்லீரல் சுருங்கிப்போன கணவர், காலையில் வெறும் வயிற்றில் சர்க்கரை எண்பது காட்டினால் உலகக் கோப்பையையே வென்றவர்போல் குதிப்பார். மனைவியும் கூடவே குதிப்பாள். சாப்பிட்ட பிறகு டாக்டர் பார்த்தபோதோ முந்நூறு.

“ஈரல்ல சர்க்கரைச் சேமிப்பே இல்லம்மா. சாப்பிட்டா எகிறும், பட்டினி கிடந்தா பாதாளத்துக்குப் போயிடும். காலை நம்பரை நம்பாதீங்க. படுக்கும்போது ரெண்டு ரொட்டியாவது குடுங்க.”

“முந்நூறா? இனி ராத்திரி பச்சத்தண்ணிதான்டி,” என்றார் கணவர், வீட்டுக்கு வந்ததும்.

“டாக்டர் சொன்னாரேங்க...”

“அவருக்கென்ன, நம்பர் எனக்குல்ல கெடும்!”

அவர் பிடிவாதத்துக்கு மலையே வழிவிடும், அவளும் விட்டுவிட்டாள்.

விடிந்தபோது அவர் வியர்வையில் குளித்துக் கிடந்தார். உலுக்கியும் எழவில்லை. சர்க்கரை பார்க்கும் கருவி இருபத்தாறு என்றது. ஆஸ்பத்திரியில் நரம்பில் குளுக்கோஸ் ஏற்றினார்கள். சர்க்கரை ஏறியது, நினைவு திரும்பவில்லை.

“கையைக் கட்டியாவது ஊட்டியிருப்பேனே, டாக்டர்!” என்று அவள் அலறியதில் வார்டே அதிர்ந்தது. அவர் மட்டும் அசையவில்லை.