இரண்டு கிளை, ஒரே வங்கி

வீட்டை விற்று வந்த நாலு லட்சத்து எண்பதாயிரம் டாலரை, கிருபாராணி ஒரே வங்கியின் இரண்டு கிளைகளில் பாதிப் பாதியாகப் போட்டிருந்தார். கணவர் போனபின் அவருக்கு இருப்பது அதுதான். வங்கி திவாலானால் பணத்தைத் திருப்பித் தரும் காப்பீடு இரண்டு கிளைக்கும் தனித்தனி என்று நம்பியிருந்தார்.

கிளை எத்தனை இருந்தாலும், ஒரே வங்கியில் அவர் ஒருவர் பெயரில் உள்ள பணத்துக்கு மொத்தம் இரண்டரை லட்சம்தான் காப்பீடு என்று மகள் ஆன்லின் நேற்று படித்துக் காட்டினாள்.

இன்று காலை மௌரி அவென்யூ கிளைக்குப் போனார். மேனேஜர் ஜெரிஷ் அவருக்குச் சர்ச்சில் பழக்கமானவன்.

"இந்தக் கணக்கை க்ளோஸ் பண்ணி, செக் குடுப்பா."

"வட்டி கூட்டித் தரேன் ஆன்ட்டி. எங்க பேங்க் என்ன மூழ்கவா போகுது?"

"மூழ்கினா நீ உன் கையிலேர்ந்து தருவியா?"

ஜெரிஷ் சிரித்துவிட்டான். "எங்க மேல நம்பிக்கையே இல்லையா?"

"இருக்கே. ரெண்டரை லட்சம் வரைக்கும்."

செக்கை எடுத்துக்கொண்டு எதிரே இருந்த கிரெடிட் யூனியனுக்கு நடந்தார். அது உறுப்பினர்கள் நடத்தும் கூட்டுறவுச் சங்கம். கவுன்டரில் இருந்த பெண்ணிடம், உட்காருவதற்கு முன்பே கேட்டார்:

"இங்கே அரசாங்கக் காப்பீடு உண்டா?"

அந்தப் பெண் கண்ணாடியில் ஒட்டியிருந்த அறிவிப்பைக் காட்டினாள். இங்கும் தனியாக இரண்டரை லட்சம். இரண்டு இடத்திலும் வட்டி சேர இன்னும் தலா பத்தாயிரத்துக்கு இடம் இருந்தது. கிருபாராணி உறுப்பினர் படிவத்தை வாங்கி, பேனாவைத் திறந்தார்.