கண்ணாடியில் தெரியும் ஆள் விற்பனைக்கு அல்ல

நான் விற்பது சிப்பிக் கண்ணாடி. சுவரில் மாட்டுகிற வட்டக் கண்ணாடி, சுற்றிலும் கடற்சிப்பி ஒட்டியது. எங்கள் ஊரான நாசரேத்தில் வீட்டிலேயே செய்து, பெரிய இணைய விற்பனைத் தளம் ஒன்றில் கடை போட்டிருக்கிறேன். வாங்கியவர்கள் மெச்சி எழுதியது பக்கம் பக்கமாக இருக்கும். ஒரே தொல்லை, கண்ணாடியைப் படம் எடுத்தால் எடுக்கிற ஆளும் உள்ளே விழுந்துவிடுவார்.

என் படத்தில் விழுந்தவர் என் கணவரின் அண்ணன் ஜேசுபாதம் அத்தான், ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியர். குடும்பத்தில் நல்ல போன் அவரிடம்தான் இருந்தது. அவர் வீட்டு முற்றத்தில், ஓட்டை போட்ட போர்வைக்குப் பின்னால் மறைந்து நின்று எடுக்கச் சொன்னேன். அன்றைக்கென்று கரண்ட் போய் டேபிள் ஃபேன் நின்றுவிட்டது. போர்வைக்குள் வெந்துபோன மனிதர் அதை எறிந்து, சட்டையையும் கழற்றி எறிந்து, ஓட்டைப் பனியனும் தலையில் துண்டுமாக நின்று எடுத்துத் தள்ளினார். நான் சிப்பியைத்தான் பார்த்தேன், அவரைப் பார்க்கவில்லை. படம் கடையில் ஏறிய பிறகு ஒருத்தி கேட்டிருந்தாள், அந்த அண்ணாச்சியும் சேர்ந்து வருவாரா என்று. எனக்கு எரிச்சல் வந்தால் கை சும்மா இருக்காது. விவரத்தின் கடைசியில் ஒரு வரி சேர்த்தேன்: கண்ணாடியில் தெரியும் ஆள் விற்பனைக்கு அல்ல.

அந்த வரி கோயில் முழுக்கப் பரவியது. ஞாயிறு ஆராதனை முடிந்ததும் அத்தானிடம் ஆள் ஆளுக்கு விலை கேட்டார்கள். அன்றோடு அவர் என்னிடம் பேசுவதை நிறுத்தினார். நானும் போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

கிறிஸ்துமஸ் நெருங்குகிற நேரம். மதுரையிலிருந்து ஒரு பெண், என் கடைப் பக்கத்தில் எண்ணைத் தேடிப் பிடித்து, போனில் என்னைக் கிழித்தாள். கண்ணாடி வந்த அன்றே சிப்பியெல்லாம் உதிர்ந்துவிட்டதாம். ஆர்டர் எண்ணைக் கேட்டால் அது எங்களுடையதே இல்லை. வாங்கிய இடத்தின் லிங்கை அனுப்பச் சொல்லித் திறந்தேன். வேறு எவனோ ஒருவனின் கடை. என் படம், என் விவரம், பாதி விலை. கடைசியில் அந்த வரியும் இருந்தது. என்ன எழுதியிருக்கிறது என்றுகூடப் படிக்காமல் அள்ளியிருக்கிறான். முதலில் சிரிப்பு வந்தது, அப்புறம் வயிறு எரிந்தது.

என் கணவர் கிருபாகரன் துறைமுகத்தில் ஷிப்பிங் ஏஜென்ட் ஆபீசில் வேலை பார்க்கிறார். காகிதம் இல்லாமல் ஒரு கண்டெய்னர்கூட நகராது என்று பழகியவர்.

"புகார் குடுக்க முன்னால ஸ்கிரீன்ஷாட் எடு. கடை பேரு, லிங்க், தேதி எல்லாம் தெரியணும். அவன் அழிச்சிட்டாம்னா கைல ஒண்ணும் இருக்காது" என்றார்.

எடுத்தேன். காப்புரிமைப் புகார்ப் படிவத்தை நிரப்பி அனுப்பினேன். மறுநாள் பார்த்தால் இறங்கியிருந்தது என் பக்கம். அவன் எனக்கு முன்பே, நான்தான் அவன் படத்தைத் திருடினேன் என்று புகார் கொடுத்திருக்கிறான். புகார் வந்தால் முதலில் இறக்கிவிட்டு, பிறகுதான் விசாரிப்பார்களாம். ஊரான் வீட்டு நெய்யே என் பெண்டாட்டி கையே என்று கேட்டிருக்கிறேன். நெய்க்காரியையே திருடி என்றவனை இப்போதுதான் பார்க்கிறேன்.

மறுப்புத் தெரிவிக்க ஒரு வாரம் கொடுத்தார்கள். திருத்தாத மூலப் படம் வேண்டும், படம் எடுத்தவரின் கையெழுத்து வைத்த வாக்குமூலம் வேண்டும். இல்லையென்றால் பக்கமும் போகும், அதில் சேர்ந்த நல்ல பெயரும் போகும். கிறிஸ்துமஸ் வியாபாரத்தை நம்பி வீடு நிறையக் கண்ணாடி அடுக்கியிருந்தேன். எந்தப் பக்கம் திரும்பினாலும் அழுத மூஞ்சியாக நானே தெரிந்தேன்.

என் போனில் இருந்தவை வாட்ஸப்பில் வந்த படங்கள். அளவு சுருங்கி, எடுத்த நேரமும் போனின் பெயரும் உதிர்ந்துபோனவை. மூலம் அத்தானின் போனில் இருந்தது. வெட்கத்தை விட்டு, கணவரையும் இழுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன்.

விஷயத்தைக் கேட்டுவிட்டு அத்தான் தம்பியைப் பார்த்துத்தான் பேசினார்.

"அந்தப் பனியன் படத்த கம்பெனிக்கு வேற அனுப்பணுமாக்கும்? சட்ட போட்டுட்டு வாரேன், புதுசா எடுத்துருவோம்னு சொல்லுல."

"புதுசா எடுத்தா இன்னைக்குத் தேதிதான விழும் அத்தான்" என்றேன்.

"அப்போ என்னைய மட்டும் வெட்டிட்டு அனுப்பச் சொல்லு."

"வெட்டுனா மூலப் படம் இல்லன்னுருவான். எடுத்தது நீங்க. உரிமையும் ஒங்களுக்குத்தான். நீங்க எழுதித் தராம நான் வாயே தொறக்க முடியாது."

"உரிமை என்னுதா? அப்போ நான் தரல" என்று எழுந்துவிட்டார்.

எனக்கும் கோபம் வந்தது. அவன் எழுதிய புகாரைப் போனில் திறந்து அவர் மேசையில் வைத்தேன். "இதையாவது படிச்சிட்டுப் போங்க."

அத்தான் மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, பரீட்சைத் தாள் திருத்துகிறவர் மாதிரி வரிவரியாகப் படித்தார். ஓர் இடத்தில் நின்றுவிட்டார். படத்தில் தெரிபவர் தன் நிறுவனத்தில் சம்பளத்துக்கு வேலை செய்யும் புகைப்படக்காரர் என்று அவன் எழுதியிருந்தான்.

"நானா? இவங்கிட்டயா?"

"சம்பளம் ஏதும் தந்தானாண்ணே?" என்றார் என் கணவர்.

"வாய மூடுல. என் பனியன், என் தொப்ப, என் வீட்டு முத்தம். இவன் யாரு என்னைய வேலைக்கு வைக்கதுக்கு?"

அதன் பிறகு அவரைப் பிடிக்க முடியவில்லை. மூலப் படம் மட்டுமல்ல, போர்வையோடு எடுத்தது, கைநடுங்கியது, கோழி குறுக்கே வந்தது என்று அன்றைய படம் ஒன்றைக்கூட அவர் அழிக்கவில்லை. வழக்கம்போல வாட்ஸப்பில் படமாகத் தட்டப் போனார். நான் கையைப் பிடித்துத் தடுத்து, டாக்குமெண்டாக அனுப்ப வைத்தேன். அப்படி அனுப்பினால்தான் எதுவும் உதிராது. படம் எடுத்தவன் நானே, என் தம்பி மனைவி பயன்படுத்த அனுமதித்தவனும் நானே என்று தலைமை ஆசிரியர் இங்கிலீஷில் எழுதிக் கையெழுத்துப் போட்டார். அதோடு விட்டாரா? பீரோவிலிருந்து அதே பனியனை எடுத்து மாட்டி, ஓட்டைக்குப் பக்கத்தில் ஸ்கேல் பிடித்து ஒரு படம் எடுக்கச் சொன்னார். அதையும் இணைத்தோம்.

கெடு முடிவதற்குள் பதில் வந்தது. மூலப் படங்களும் வாக்குமூலமும் போதுமானவை. அவன் பக்கம் நீக்கப்பட்டது, என்னுடையது திரும்ப வந்தது. கீழே தனியாக ஒரு வரி: பனியன் பற்றிய கூடுதல் ஆதாரம் தேவைப்படவில்லை. அத்தானுக்கு அதில் கொஞ்சம் வருத்தம்தான்.

புது மாடல்களைப் படம் எடுக்கும்போது நான் பழைய முட்டாளாக இருக்கவில்லை. மூலங்களைக் கணினியில் ஒரு பிரதி, பென்டிரைவில் ஒரு பிரதி என்று வைத்தேன். எந்தப் படத்தை யார், எப்போது எடுத்தது, எப்போது கடையில் ஏறியது என்று எழுதினேன். கடைப் பெயரை வாட்டர்மார்க்காக மங்கலாகக் கண்ணாடியின் குறுக்கே போட்டேன். மூலையில் போட்டால் வெட்டிவிட்டுப் போய்விடுவான். ஆனால் அந்தத் தளத்தில் முதல் படத்தில் எழுத்தே இருக்கக் கூடாது. வாசலிலேயே பூட்டு போடாதே என்றால் என்ன செய்வது?

அத்தான் படம் எடுக்க வந்தார். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, டை, வாரிச் சீவிய தலை. ஒளிந்து நிற்க வேண்டாம், கண்ணாடியில் விழுந்தாலும் லட்சணமாக இருக்கிறீர்கள் என்று மனசாரச் சொன்னேன். போனைத் தூக்கிப் பிடித்தவர், கண்ணாடியில் தன்னையே வெகுநேரம் பார்த்தார்.

"சுதா." அந்த வரி பரவிய நாளுக்குப் பிறகு அவர் என் பெயரைச் சொன்னது அப்போதுதான். "இப்படி நின்னா எவன் வேணும்னாலும் இது நான்தாம்னு சொல்லிருவாம்லா?"

பதிலுக்குக் காத்திராமல் டையை அவிழ்த்தார். சட்டையைக் கழற்றி மடித்து என் கையில் கொடுத்தார். உள்ளே அதே பனியன், அதே ஓட்டை. துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு கண்ணாடிக்கு நேராக நிமிர்ந்து நின்றார்.

"கடைசில அந்த வரிய மறக்காமப் போட்டுரு" என்றார். "இல்லன்னா எவனாவது வெல கேப்பான்."