ஒன்பதே முக்காலுக்கு அளந்த காற்று

ஓர்ஸ் ஹில் அலுவலகத்தின் கூட்ட அறையில் மூன்று புதிய பயிலுநர்கள் கதிரையின் நுனியில் இருந்தார்கள். முதல் நாள். சட்டை மடிப்புக்கூடக் கலையவில்லை. அவர்களுக்கு வரவேற்புரை சொல்லும் வேலையைத் தவராசா, ஒரு வருசமாகத் தற்காலிகமாக வேலை செய்யும் பூரணியின் தலையில் கட்டியிருந்தார். சரக்குப் பரிசோதனை நிறுவனத்தின் திருகோணமலைக் கிளைக்கு அவர்தான் மேலாளர். கடைசி வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு இருந்தார். பூரணியை நிரந்தரமாக்கும் கடிதம் அவருடைய மேசையில் கிடந்தது. பின்னேரத்துக்குள் கையெழுத்து விழலாம், விழாமலும் போகலாம். தம்பலகாமத்தில் அவள் வீட்டில் பட்டம் எடுத்த முதல் ஆள் அவள். இந்தச் சம்பளம் நின்றால் அடுத்த மாதம் தம்பியின் வகுப்பும் நிற்கும்.

"இங்க மடத்தனமான கேள்வி எண்டு ஒண்டுமில்ல," என்றாள் பூரணி. தவராசா எழுதிக் கொடுத்த வரி அது. சொல்லும்போதே எரிச்சல் வந்தது. போன வருசம் இதே வரியை நம்பி அவள் ஒரு கேள்வி கேட்டாள். "முதல்ல வேலையைப் பழகு பிள்ளை, பிறகு வாயைத் திற," என்று அதே மனிதர் சொன்னார். அதன் பிறகு அவள் விரைவாகப் பழகினாள். வாயை மூடப் பழகியதுதான் எல்லாவற்றிலும் விரைவு.

"ஒரு படிவத்தைப் பாப்பம். நிலக்கரி ஏத்தின கப்பல். அந்தக் கரி, மூடின கிடங்குக்குள்ள இருக்கிற ஒட்சிசனைத் தின்னும். கண்ணுக்குத் தெரியாது, மணக்காது. அதால ஆள் இறங்க முதல் மீட்டரின்ர குழாயை மேலேயிருந்து விட்டு, மேல், நடு, அடி எண்டு மூண்டு இடத்தில அளக்கவேணும். ஒட்சிசன் நூத்துக்கு 20.9 இருந்தாத்தான் இறங்கலாம்."

திரையில் படிவம் தெரிந்தது. இருப்பதில் துப்புரவான படிவம் என்று அவள் தேடிப் போட்டது. 20.9, 20.9, 20.9.

கிண்ணியாவிலிருந்து வந்த நஸ்ரின் கையை உயர்த்தினாள்.

"மிஸ், இது இண்டைக்குத் திகதி. ஒன்பதே முக்காலுக்கு அளந்ததா எழுதியிருக்கு. இப்ப ஒன்பது இருபதுதானே?"

பூரணி திரையைத் திரும்பிப் பார்த்தாள். முந்தின நாளே படிவத்தை நிரப்பி வைப்பது இங்கே வழக்கம். எழுதுகிறவள் அவள்தான். எழுதி எழுதிக் கண் பழகிப்போனதில், அதைக் காட்டக்கூடாது என்றுகூட அவளுக்குத் தோன்றவில்லை.

தவராசா சிரித்தார். "கெட்டிக்காரி! நேரம் எழுதேக்க ஒரு பிழை விட்டிட்டம். அடுத்ததைக் காட்டுங்கோ, பூரணி."

பூரணி அடுத்ததைக் காட்டவில்லை. கைப்பேசியை எடுத்து ஸப்வானை அழைத்தாள். இன்று அந்தக் கிடங்குக்குள் இறங்கிக் கரி மாதிரி எடுக்க வேண்டியவர் அவர். அண்ணன் முறையில் 'நானா' என்றுதான் அவரை அவள் கூப்பிடுவாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்கவில்லை. மறுபடி அழைத்தாள்.

"பூரணி, ஃபோனை வையுங்கோ," என்றார் தவராசா.

"என்ன தங்கச்சி?" ஸப்வானின் குரல் காற்றோடு கலந்து வந்தது. "கிடங்கை வெள்ளனவே திறந்து தந்திட்டாங்கள். ஏணியில காலை வைக்கப் போறன்."

"நானா, இறங்காதீங்க! மீட்டர் எங்க?"

"வேனுக்க கிடக்கு. படிவத்தில எல்லாம் சரியெண்டு இருக்கே. சேர் நிப்பாட்டச் சொன்னாரா?"

தவராசா எழுந்து வந்து அவளுக்குப் பக்கத்தில் நின்றார். மூன்று பிள்ளைகளும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"இல்ல. நான் சொல்றன். அந்தப் படிவத்தை நேத்துப் பின்னேரம் இந்த மேசையில இருந்து நான்தான் எழுதினனான். ஆரும் அளக்கேல்ல, நானா."

"நல்லா இருக்கு உங்கட வேலை," என்றார் ஸப்வான். யாரையோ மீட்டர் எடுத்துவரச் சொல்லிக் கத்தினார்.

பூரணி ஒலிபெருக்கியைப் போட்டுக் கைப்பேசியை மேசையில் வைத்தாள். குழாய் கம்பியில் உரசும் சத்தம் கேட்டது.

"மேல இருபது தசம் ஒன்பது."

தவராசா மூச்சை விட்டார். "பாத்தீங்களா? சும்மா பயப்படுத்தி..."

"நடுவில பதினஞ்சு." மீட்டர் கீச்சிடத் தொடங்கியது. நிற்கவில்லை. "அடியில... யா அல்லாஹ். எட்டு."

"எட்டு எண்டா என்ன மிஸ்?" ஒரு பயிலுநன் மெல்லக் கேட்டான்.

"கொஞ்ச நேரத்தில மயங்கிடுவார். ஏணியில ஏற ஏலாது. தூக்க இறங்கிறவரும் அங்கேயே விழுவார்."

தவராசாவின் முகம் வெளிறிக் கிடந்தது. ஆனாலும் குரலை எடுத்தார். "பிள்ளையளுக்கு முன்னால என்னை இப்படி நிக்க வைச்சிட்டீங்க. அந்தக் கடிதத்தை மறந்திடுங்கோ." கதவை அடித்துச் சாத்திவிட்டுப் போனார்.

"ஒருத்தரையும் இறங்க விடாதீங்க, நானா," என்று சொல்லிப் பூரணி அழைப்பை முடித்தாள். வந்தது பயமா, கோபமா என்று அவளுக்கே விளங்கவில்லை. இரண்டும்தான்.

நஸ்ரின் எழுந்து நின்றாள். குரலில் குற்றச்சாட்டு இல்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

"மிஸ், இப்படி எத்தினை படிவம் எழுதியிருக்கிறீங்க?"

"எண்ணேல்ல," என்றாள் பூரணி. பழைய படிவங்கள் கிடக்கும் அலுமாரியின் திறப்பை மேசை லாச்சியிலிருந்து எடுத்துப் பூட்டில் போட்டாள். "வாங்கோ. எல்லாரும் சேர்ந்து எண்ணுவம்."