அட்டெண்டர் இல்லை

புகார்க் கடிதங்களுக்குப் பதில் எழுதுவது பானுப்பிரியாவின் வேலை. பூந்தமல்லிப் பக்கம் இருக்கும் அந்தத் தனியார் மருத்துவமனை அவளுக்குச் சம்பளம் கொடுப்பதே அதற்குத்தான். அங்கே ஒரே விதி. நோயாளியின் சிகிச்சைக் குறிப்பான கேஸ் ஷீட்டில் இருப்பதை மட்டும் எழுத வேண்டும். சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும் என்று அவளும் நிம்மதியாகத்தான் எழுதிக்கொண்டிருந்தாள், கஸ்தூரியின் புகார் வரும்வரை.

கஸ்தூரியின் அம்மா வேம்புலியம்மாளைக் குடலில் ஓட்டை விழுந்ததால் பாரிவாக்கத்திலிருந்து ஒரு சாயங்காலம் கொண்டுவந்து சேர்த்தார்கள். உடனே ஆபரேஷன் என்று சொன்னார்கள். எட்டு மணிக்கு மேல்தான் தியேட்டருக்குள் கொண்டுபோனார்கள். மறுநாள் அந்தம்மாள் இறந்துபோனார். ஏன் இவ்வளவு தாமதம் என்று மகள் கேட்டிருந்தாள். நியாயமான கேள்வி.

பானுப்பிரியா கேஸ் ஷீட்டைப் புரட்டினாள். ஆறு மணிக்கு சர்ஜன் பார்த்து, ரத்தம் ஏற்பாடு செய்யுங்கள், ஆனால் அதற்காகக் காத்திருக்க வேண்டாம், தியேட்டர் தயார் என்று எழுதியிருந்தார். அதற்குக் கீழே நர்ஸின் கையெழுத்தில் ஒரு வரி: 'அட்டெண்டர் இல்லை. சம்மதக் கையெழுத்துக்குக் காத்திருக்கிறோம்.' எட்டு மணிக்கு மகன் வீராசாமி ரத்தத்தோடு வந்து கையெழுத்துப் போட்டிருக்கிறார். நோயாளிக்குத் துணையாக இருந்த அட்டெண்டர் அவர் ஒருவர்தான். அந்த இரண்டு மணி நேரம் எங்கே போனார் என்று ஒரு சொல் இல்லை.

அந்த வரியை எழுதிய நர்ஸ் சாவித்திரியைத் தேடிப் போய்க் கேட்டாள்.

"நான்தான் மேடம் அனுப்புனேன்" என்றாள் சாவித்திரி. "நம்மகிட்ட ரத்த பேங்க் கெடையாதே. சாம்பிளைக் கையில குடுத்து ஓடுங்கன்னேன். கையெழுத்து வாங்கிக்கினு அனுப்பியிருக்கணும், அந்த அவசரத்துல மறந்துட்டேன். பெட்டாண்ட ஆள் இல்லன்னா அட்டெண்டர் இல்லன்னு எழுதறதுதான் எங்க வழக்கம். எல்லாரும் அப்டித்தான் எழுதறாங்க."

பானுப்பிரியாவுக்கு அவள்மேல் கோபம்கூட வரவில்லை. நாமே அனுப்பிவிட்டு ஆளைக் காணோம் என்று எழுதுவது அங்கே அவ்வளவு சாதாரணமாகிவிட்டிருந்தது.

'மருத்துவமனையே அவரை ரத்தம் வாங்க அனுப்பியது' என்று ஒரு வரி சேர்த்துக் கடிதத்தைக் கண்காணிப்பாளர் டாக்டர் பக்தவத்சலத்திடம் நீட்டினாள். அவர் அந்த ஒரு வரியை மட்டும் அடித்தார்.

"இது நோட்ஸ்ல எங்க இருக்கு?"

"சிஸ்டர் சொல்றாங்க சார்."

"இப்ப சொல்றாங்க. நாளைக்கு கோர்ட்டுல மாத்திச் சொல்வாங்க. ஷீட்ல இப்ப எழுதவும் முடியாது, திருத்தினதா ஆயிடும். இருக்கறத மட்டும் எழுதும்மா."

எழுதினாள். 'அட்டெண்டர் இல்லாததால் சம்மதக் கையெழுத்துக்குக் காத்திருந்தோம்' என்ற அந்தக் கடிதத்தில் பொய் என்று ஒரு சொல் கிடையாது. உறையில் போட்டுக் கஸ்தூரிக்கு அனுப்பினாள்.

அடுத்த வாரம் வீராசாமியே வந்தார். அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் ஓட்டுகிறவர். கம்பெனிச் சட்டையோடு வந்து நாற்காலி நுனியில் உட்கார்ந்து, கடிதத்தை மேஜைமேல் வைத்தார்.

"தங்கச்சி இத்தப் படிச்சுட்டு ஊட்டாண்ட வந்து கத்திட்டு போச்சும்மா. எந்தக் கடையில குடிச்சுட்டு கெடந்தேன்னு கேக்குது. குடிக்கிறவன்தான், இல்லேன்னு சொல்லல. அன்னிக்கு தொடவேயில்ல. ரத்தத்துக்காகத்தான் குந்திக்கினு இருந்தேன். ஆசுபத்திரிக்காரங்களா பொய் எழுதுவாங்கன்னு கேக்குது." பிறகு கேட்டார்: "நான் கூடவே இருந்திருந்தா அம்மா பொழைச்சிருக்குமா?"

பானுப்பிரியா கதவைச் சாத்திவிட்டு வந்தாள்.

"எனக்கு தெரியலண்ணா. ஆனா தப்பு உங்க மேல இல்ல. உங்கள அனுப்புனது நாங்கதான். உயிர் போற அவசரத்துல சொந்தக்காரங்க கையெழுத்துக்கு நிக்க வேணாம், ரெண்டு டாக்டரே எழுதிவெச்சுட்டு ஆபரேஷன் ஆரம்பிக்கலாம். யாரும் அதச் செய்யல."

வீராசாமியின் முகம் ஒரு கணம் தெளிந்தது. பேனாவை எடுத்து அவள் பக்கம் தள்ளினார்.

"அத்த எழுதிக் குடும்மா. ரெண்டே வரி போதும். தங்கச்சிக்கு காட்டணும்."

சொல்ல முடிந்தவளுக்கு எழுதக் கை வரவில்லை. வேலை போய்விடும். வீட்டுக் கடனும், கோவில்பதாகையில் வீட்டோடு படுத்த படுக்கையாக இருக்கும் மாமனாரும் கண்முன் வந்தார்கள். தன்னை நினைத்தால் அவளுக்கே அருவருப்பாக இருந்தது.

"முடியாதுண்ணா."

"வாயால சொன்னியே."

"வாயாலதான்ணா சொல்ல முடியும்."

அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். மேஜைமேல் இருந்த கடிதத்தை எடுத்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

"அப்போ எங்க ஊட்ல நீ எழுதுனதுதாம்மா நிக்கும்" என்று சொல்லிவிட்டு எழுந்துபோனார்.