பதினொரு நாள் ஐம்பத்தைந்து

அந்த சீசனில் நசிமா எழுதிக் குவித்த எஸ்.ஓ.பி.க்களை வரிசையாக ஒட்டினால் விருதுநகர் பஸ் ஸ்டாண்டிலிருந்து லண்டன் வரைக்கும் ரோடு போட்டு, மிச்சத்தில் சாத்தூருக்கு ஒரு பைபாஸும் போடலாம். எஸ்.ஓ.பி. என்பது, வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிக்கிறவர் ‘இந்தப் படிப்பை நான் ஏன் படிக்க வேண்டும்’ என்று தன் சொந்த வார்த்தையில் எழுத வேண்டிய ஒரு பக்கக் கடிதம். சொந்த வார்த்தை என்பதில்தான் வில்லங்கம். அத்தனை பேருக்கும் நசிமாவே சொந்தமாக எழுதினாள்.

கடை அவள் மாமா சைஃபுல்லாவுடையது. இருபது வருஷம் சிவகாசியில் பட்டாசு லேபிள் அச்சடித்துவிட்டு, பிள்ளைகளை வெளிநாடு அனுப்பும் தொழிலுக்கு வந்தவர். லேபிள் தொழிலில் ஒரே கிளிப் படத்தைப் பத்துக் கம்பெனிக்குப் பெயரை மட்டும் மாற்றி அடித்துக் கொடுப்பது அவருக்குக் கைவந்த கலை.

“டிசைன் அதேதாம்மா. பேர மாத்து, காலேஜ மாத்து, அடுத்த லோடு ஏத்து” என்பார்.

அப்படித்தான் விருதுநகர் மாவட்டத்துப் பிள்ளைகள் எல்லோருக்கும் ஐந்து வயதில் ஒரு தாத்தா பழைய ரேடியோ ஒன்றைக் கொடுத்தார். எல்லோரும் அதைக் கழற்றிப் பார்த்தார்கள். எல்லோருக்கும் அன்றே விஞ்ஞானத்தின் மேல் தணியாத தாகம் உண்டாயிற்று. உலகத்தில் அத்தனை ரேடியோ தயாரானதா என்பதே சந்தேகம்.

தாகம் எல்லாம் அவர்களுக்கு, களைப்பு எல்லாம் நசிமாவுக்கு. அவள் கொட்டாவி விட்டால் மேலே ஓடுகிற ஃபேன் ஒரு சுற்று பின்னால் போய்விட்டு வரும்.

ஒரு வெள்ளிக்கிழமை பகல், ஜும்ஆவுக்கு மாமா கிளம்பிக்கொண்டிருக்கும்போது வேல்விழி வந்து நின்றாள். எம். புதுப்பட்டிப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் தரம் பார்க்கிற வேலை. கெமிஸ்ட்ரி படித்தவள். வெடிவிபத்துத் தடுப்பு பற்றிய மேல்படிப்புக்கு, நசிமாவின் கடிதத்தோடு, இங்கிலாந்தில் விண்ணப்பித்திருந்தாள். அரைநாள் லீவு போட்டு, இரண்டு பஸ் மாறி வந்திருந்தாள். விரல் இடுக்கில் அலுமினியப் பவுடர் இன்னும் வெள்ளியாக மின்னியது. போனை நீட்டினாள்.

பல்கலைக்கழகத்தின் மெயில். உங்கள் கடிதம் இன்னொரு விண்ணப்பதாரரின் கடிதத்தோடு பெருமளவு ஒத்துப்போகிறது. இன்று மாலை ஐந்து மணிக்குள், எங்கள் ஊர் நேரப்படி, ஐந்நூறு வார்த்தைக்கு மிகாமல் நீங்களே எழுதிய புதிய கடிதம் வந்து சேர வேண்டும். வராவிட்டால் விண்ணப்பம் நிராகரிக்கப்படும்.

“யாருக்கா அந்த இன்னொரு ஆளு?”

“ஜெயச்சந்திரன். அச்சங்குளத்துப் பையன். மெக்கானிக்கல். அவனும் இதே காலேஜுக்குத்தான் போட்டிருக்கான்.” நசிமா அவன் ஃபைலைத் திறந்து பார்த்தாள். “அவனுக்கும் அதே ரேடியோதான்.”

“எங்க தாத்தா நான் பெறக்கறதுக்கு முன்னாடியே போயிட்டாக அக்கா. அவுக எங்கிட்டு ரேடியோ குடுத்தாக?”

மாமா தொப்பியைச் சரிசெய்தபடி, “இதுக்குப் போயி மொகத்த தூக்கிட்டு நிக்கிறீகளே! ரேடியோவ எடுத்துட்டுத் தையல் மிசினப் போடு. நான் தொழுதுட்டு வாரதுக்குள்ள முடிச்சுரு” என்று படியிறங்கிப் போய்விட்டார்.

நசிமா கீபோர்டில் கை வைத்தாள். ‘சிறு வயது முதலே’ என்று விரல்கள் தாமாக அடித்தன. அடித்ததைப் பார்த்தாள். நூறு வயதுக் கிழவியைப் போல ஒரு களைப்பு முழங்கையில் ஏறியது. அழித்தாள். இன்னொரு தடவை மாட்டினால் இந்தப் பிள்ளைக்கு மூன்றாவது வாய்ப்பு கிடையாது.

கீபோர்டை வேல்விழி பக்கம் தள்ளினாள். “நீயே எழுதும்மா.”

“எனக்கு அம்புட்டு இங்கிலீசு வராதுக்கா.”

“எம்புட்டு வருமோ அம்புட்டு போதும். நீ ஏன் இதப் படிக்கணும்?”

“பாதுகாப்புத் துறையில் மகத்தான—”

“ஏட்டி, அது நான் எழுதுனது. நெசத்தச் சொல்லு.”

வேல்விழி ஜன்னலைப் பார்த்தாள். வெளியே ஒரு பஸ் ஹாரன் அடித்தே உயிரை விட்டுக்கொண்டிருந்தது.

“போன ஐப்பசியில எங்க கலவை ரூம்ல காத்து ஈரம் பாக்குற மீட்டர் கெட்டுப்போச்சு. தெனமும் காலையில அத நான்தான் நோட்டுல எழுதணும். தீவாளி ஆர்டர், ஒருத்தருக்கும் நிக்க நேரமில்ல. நான் அம்பத்தஞ்சுன்னு எழுதுனேன். மறுநாளும் அம்பத்தஞ்சு. பதினோரு நாளு பாக்காமலே எழுதுனேன். ஒண்ணும் ஆகல.”

“பெறகு?”

“பன்னெண்டாம் நாள் புது மீட்டர் வந்துச்சு. எழுபத்தெட்டு காட்டுச்சு. வெளிய மழை. அலுமினியத்துல ஈரம் சேந்தா தன்னால சூடேறும்னு காலேஜுல படிச்சது அப்பத்தான் நெனப்பு வருது. நிப்பாட்டுங்கன்னு கத்துனேன். எம்புட்டுக்கு மேல போனா நிப்பாட்டணும், ஏன்னு போர்மேன் கேட்டாக. எனக்குத் தெரியல.” விரல் இடுக்கைத் தேய்த்துக்கொண்டே, “அடுத்த ரூம்ல எங்கம்மா திரி சொருகிட்டு இருந்துச்சு” என்றாள்.

நசிமா திரையில் புதுப் பக்கம் ஒன்றைத் திறந்தாள்.

“இத எழுது.”

“என் தப்ப நானே எழுதவா? சீட்டு குடுப்பாகளா?”

“தெரியாது. ஆனா இது ஒனக்கு மட்டுந்தான் வரும்.”

வேல்விழி ஒற்றை விரலால் அடித்தாள். ஒரு வார்த்தைக்கும் அடுத்த வார்த்தைக்கும் நடுவே ஒரு மனுஷன் மதுரைக்குப் போய்த் திரும்பலாம். எல்லாம் சின்னச் சின்ன வாக்கியங்கள். பதினொரு நாள் பார்க்காமல் ஐம்பத்தைந்து என்று எழுதினேன். ஒன்றும் நடக்கவில்லை. ஏன் நடக்கவில்லை, எப்போது நடக்கும் என்று எனக்குத் தெரியவில்லை. உங்கள் படிப்பில் தூசி வெடிப்பு பற்றி ஒரு பாடமும், மனிதர் தவறு செய்வது ஏன் என்று ஒரு பாடமும் இருக்கின்றன. முதலாவது எங்கள் கலவை அறைக்கு. இரண்டாவது எனக்கு. முடித்துவிட்டு எங்கள் பக்கத்துக் கம்பெனி ஒன்றில் பாதுகாப்பு அதிகாரியாக வேலை பார்ப்பேன், யாராவது என்னை வைத்துக்கொண்டால்.

நசிமா இரண்டு எழுத்துப் பிழைகளைக் காட்டினாள். வேறு எதையும் தொடவில்லை. முந்நூற்றுப் பன்னிரண்டு வார்த்தை. அனுப்பியாயிற்று.

மாமா வந்து படித்துவிட்டுத் தலையில் கை வைத்தார். “தன் தலையில தானே மண்ண வாரிப் போட்டுருக்கு! லேபிள்ல எவனாச்சும் ‘இந்த வெடி வெடிக்காது’ன்னு அச்சடிப்பானா?”

மூன்று வாரம் நசிமா சரியாகச் சாப்பிடவில்லை. போன் சிணுங்கினாலே பாய்ந்து எடுத்தாள். இடையில் பல்கலைக்கழகம் வேல்விழியை வீடியோவில் கூப்பிட்டு இருபது நிமிஷம் பேசியது. அந்த நோட்டைப் பற்றித்தான் பாதி நேரம் கேட்டார்களாம். அதன் பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை மெயில் வந்தது. இங்கிலீஷ் தேர்வில் அவர்கள் கேட்ட மார்க் எடுத்தால் சீட்டு உண்டு.

வேல்விழி போனிலேயே அழுதாள். நசிமாவுக்கு அழக்கூடத் தெம்பில்லை. மேஜையில் நெற்றியை வைத்துக் கொஞ்ச நேரம் கிடந்தாள்.

மாமா இனிப்பு வாங்கி வந்தார். லட்டை வாயில் போட்டபடி கம்ப்யூட்டருக்குப் பக்கத்தில் நின்று அந்தக் கடிதத்தை மறுபடி படித்தார். கண்ணில் பழைய அச்சாபீஸ் வெளிச்சம் வந்தது.

“ஏம்மா நசிமா, இது நல்லா ஓடுற சரக்கா இருக்கே! இனிமே வாரவுக எல்லாருக்கும் இந்தப் பதினோரு நாள் அம்பத்தஞ்சையே போட்டுரு. பேர மட்டும் மாத்து.”

நசிமா நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். மெள்ளக் கை நீட்டி, ரேடியோ கடிதம் இருந்த ஃபைலை அழித்தாள். அப்புறம், ரேடியோவால் அங்கே சீட்டு போய், வேறு காலேஜுக்குக் கடிதம் கேட்டு வாசலில் வந்து நின்ற ஜெயச்சந்திரனை உள்ளே கூப்பிட்டு, கீபோர்டை அவன் பக்கம் தள்ளினாள்.

“ஒக்காருப்பா. ரேடியோ வேண்டாம். நெசத்தச் சொல்லு.”