சீல் விழுந்த இடம்

ஜெயகாந்த் தன்னை ஒரு பெரிய கம்பியூட்டர் விண்ணன் என்று நம்பியிருந்தது மொத்தம் ஒன்பது நாள். பத்தாம் நாள் காலமை பத்தரைக்கு றம்லா என்ற மனுசி வந்து அந்த நம்பிக்கையைத் தட்டிக் கொட்டிவிட்டுப் போனா. ஒன்பது நாளும் நல்லாய்த்தான் இருந்தது, அதை ஏன் பொய் சொல்லுவான்.

மன்னார் ரவுணில் மீள்குடியேறின சனத்துக்கு வீடு கட்டிக் குடுக்கிற ஒரு சின்னக் கந்தோர். அங்கே கம்பியூட்டர் வேலை ஜெயகாந்துக்கு. ஏழு கிராமத்து விதானைமார் அனுப்பின நானூற்றிப் பன்னிரண்டு தாள். ஒவ்வொன்றிலும் அச்சடிச்ச அட்டவணை: பேர், அடையாள அட்டை இலக்கம், எத்தினை பேர், வீட்டுச் சேதம். சேதத்துக்கு இங்கிலீசில் இரண்டே சொல்லு. முழுச் சேதம் என்றால் FULL, பகுதி என்றால் PARTIAL. முழுச் சேதத்துக்குத்தான் இந்த முறை வீடு.

கையால் அடிச்சால் இரண்டு மாதம் என்று கந்தோரின் பெரியவா சிவலட்சுமி மிஸ் கணக்குச் சொன்னா. "பத்து நாள் தாங்கோ மிஸ், ஸ்கேன் பண்ணிக் கம்பியூட்டரையே வாசிக்க வைக்கிறன்" என்றான் ஜெயகாந்த். வாயை வைச்சுக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். இருந்தால் அவன் ஜெயகாந்தா?

முதல் தாளைக் கம்பியூட்டர் வாசிச்ச வாசிப்பு இருக்கே, கருமம்! தாளின் நட்டநடுவில் ஊதாச் சீல். சீலின் வட்டத்தை அது O என்று வாசிச்சது. நீலப் பேனாக் கிறுக்கல் எழுத்துக்குக் குறுக்கே போன இடமெல்லாம் குப்பை. பின்னால் சரிவாக, மங்கல் சாம்பலில் COPY என்று ஒரு நீர்க்குறி. அதுவும் பேர்களுக்கு நடுவில் வந்து குந்திக்கொண்டது.

அவன் விடவில்லை. அச்சு கறுப்பு, சீல் ஊதா, பேனா நீலம். நிறம் உள்ள புள்ளியெல்லாம் வெள்ளையாகட்டும், கறுத்த புள்ளி மட்டும் நிற்கட்டும் என்று ஒரு சின்னக் கம்பியூட்டர் நிரல் எழுதினான். சீலும் எழுத்தும் ஒன்றின்மேல் ஒன்று விழுந்த இடம் எப்படியும் கறுப்பாய்த்தான் இருக்கும், அதனால் எழுத்து தப்பிவிடும். நீர்க்குறி மங்கல்தானே, ஒரு அளவுக்கு மேலே வெளிறினது எல்லாம் வெள்ளை என்று சொல்ல அதுவும் போய்விட்டது. வெள்ளாங்குளப் பக்கத்து விதானை ஒருத்தர் மட்டும் கறுப்புப் பேனாவால் எழுதியிருந்தார். அச்சும் கறுப்பு, பேனாவும் கறுப்பு, நிறத்தை வைச்சுப் பிரிக்க ஏலாது. அந்த இருபத்தெட்டுத் தாளையும் திட்டித் திட்டிக் கையாலேயே அடிச்சான்.

மிச்சத் தாளெல்லாம் கழுவித் துடைச்ச கோப்பை மாதிரிப் பளிச்சென்று வந்தன. எழுத்துக்கு எழுத்து பிசகில்லை. கந்தோரில் எல்லாரையும் கூப்பிட்டு முன்னைய தாளையும் பின்னைய தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைச்சுக் காட்டினான். தேத்தண்ணி கொண்டுவந்த ஆளுக்கும் காட்டினான். கள உத்தியோகத்தர் அலியார் நானா மட்டும் ஏதோ கேட்க வாயெடுத்தார். இவன் விட்டால்தானே!

முழுச் சேதப் பட்டியலில் அறுபத்திநாலாவதாக அவனுடைய அப்பா பஸ்ரியனின் பேரும் இருந்தது. மண்டபம் அகதி முகாமிலிருந்து அவர் திரும்பி வந்து மூன்று வருசம். வங்காலைக்குப் போன் எடுத்து, "அப்பா, உங்கட பேர் வந்திட்டுது! கம்பியூட்டரே வாசிச்சது, அது பிழை விடாது!" என்றான். அப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "சரி தம்பி, ஆண்டவர் செயல்" என்றார். சந்தோசத்தில் பேச்சு வரவில்லையாக்கும் என்று நினைச்சு இவனுக்குத்தான் கண் கலங்கினது.

பத்தாம் நாள் வெள்ளிக்கிழமை. கந்தோர் வாசலில் ஒட்டின பட்டியலுக்கு ஆட்சேபம் சொல்லப் பின்னேரம் நாலு மணி மட்டும் நேரம், நாலுக்குப் பட்டியல் கொழும்புக்குப் போகும். பத்தரைக்கு எருக்கலம்பிட்டியிலிருந்து றம்லா வந்தா. தொண்ணூறில் இயக்கம் முஸ்லிம் சனத்தைக் கலைச்சபோது உடுத்த துணியோடு புத்தளத்துக்குப் போய், இருபது வருசத்துக்குப் பிறகு திரும்பின மனுசி. இப்ப இரண்டு பெட்டைப் பிள்ளைகளோடு தகரக் கொட்டிலில் இருக்கிறா.

"தம்பி, எனக்குப் பகுதிச் சேதமெண்டு போட்டிருக்கு. எந்தப் பகுதி? அத்திவாரத்தைத் தவிர ஒண்டுமில்லை, வந்து பாருங்கோ."

"அக்கா, கம்பியூட்டர் பிழை விடாது" என்றான் ஜெயகாந்த். அந்த வசனத்தை நினைச்சால் அவனுக்கு இண்டைக்கும் நாக்கைப் பிடுங்கவேணும் போல இருக்கும்.

சத்தம் கேட்டு அலியார் நானா எழும்பி வந்தார். "றம்லாவின்ர வீட்டை நான்தானே பாத்தனான்! அச்சில பிழையாய் வந்திருந்தது. PARTIAL எண்டதை வெட்டி, மேல FULL எண்டு எழுதி, விதானை அதுக்கு மேலயே சீலும் குத்தினவர். எங்க தம்பி அந்தத் தாள்?"

ஜெயகாந்த் தாளை எடுத்தான். நீலக் கோடு, நீல எழுத்து, மேலே ஊதாச் சீல். எல்லாம் அங்கே இருந்தது. துடைச்ச படத்தில் ஒன்றுமில்லை. வெட்டின கோட்டை அழிச்சு, திருத்தின சொல்லையும் அழிச்சு, பிழையான சொல்லை மட்டும் அழகாய் எழுப்பி விட்டிருந்தான்.

"தம்பி, சீல் குத்துற இடம் தாளுக்கு அடியில கையெழுத்துக்குப் பக்கத்தில எல்லோ?" என்றார் அலியார் நானா. "அட்டவணைக்கு நடுவில ஒரு விதானை சீல் குத்தினால், அங்க ஏதோ திருத்தினவர் எண்டு அர்த்தம். இதைத்தான் அண்டைக்குக் கேட்க வந்தனான்."

ஐயோ! கிட்டத்தட்ட நானூறு தாளிலும் எது உண்மையோ அதைத் தேடித் தேடி அழிச்சிருக்கிறான். படிச்ச படிப்புக்குச் செருப்பால அடிக்கவேணும்.

மணி பதினொன்று. எல்லாத் தாளையும் முதலிலிருந்து பார்க்க ஏலாது. ஜெயகாந்த் நிரலைத் தலைகீழாய்த் திருப்பினான். முன்னம் எறிஞ்ச நிறத்தை மட்டும் வைச்சுக்கொண்டு, அது அட்டவணையின் எந்தக் கட்டத்துக்குள் விழுந்திருக்கு என்று கேட்டான். சீல் ஒரு வரியோடு நிற்காது, மேல் வரியிலும் கீழ் வரியிலும் படும். அதனால் நூற்றி நாற்பத்தி மூன்று வரி வந்தது. அதை அலியார் நானா மூலத்தாளைப் பார்த்து வாசிக்க, இவன் திருத்த, றம்லா பக்கத்துக் கதிரையில் அசையாமல் இருந்தா. அறுபத்தியொரு திருத்தம். றம்லாவுக்கு FULL என்று அடிச்சபோது அவ முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டா.

மூன்றே காலுக்கு அலியார் நானா ஒரு தாளை எடுத்துவிட்டு வாசிக்காமல் நின்றார்.

"வாசியுங்கோ நானா."

"வங்காலை. பஸ்ரியன். FULL எண்டதை வெட்டி PARTIAL எண்டு எழுதியிருக்கு." குரல் இறங்கிவிட்டது. "பக்கத்தில உங்கட அப்பாவே கையெழுத்தும் வைச்சிருக்கிறார் தம்பி."

ஜெயகாந்த் தாளை வாங்கிப் பார்த்தான். அப்பாவின் கோணல் கையெழுத்துத்தான். சீலுக்கு அடியில் நல்லாய்த் தெரிஞ்சது. தானே PARTIAL என்று அடிச்சான். பிறகு வெளியே போய் வேப்பமரத்தடியில் நின்று போன் எடுத்தான்.

"அப்பா, விதானையின்ர தாளில நீங்கள் கையெழுத்து வைச்சனீங்களோ?"

"ஓம் தம்பி. கோயில் ஆக்கள் போன வருசம் கூரை போட்டுத் தந்தவை எல்லோ. அதை மறைக்கக்கூடாதெண்டு நான்தான் சொல்லி வெட்டுவிச்சனான்."

"அப்ப பேர் வந்திட்டுது எண்டு நான் சொல்லேக்க ஏன் பேசாமல் இருந்தனீங்கள்?"



"நீதானே சொன்னனி, கம்பியூட்டர் பிழை விடாதெண்டு. சரி, என்ர மகன் படிச்சவன், அவனுக்கு என்னை விடத் தெரியும் எண்டு நினைச்சிட்டன்."